அது குணம் அல்ல, குறை

மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மாதத்தில், எனக்குப் பின் வரும் தம்பிக்காக ஒரு குறிப்பு எழுதினேன். மொத்தம் 11 விஷயங்கள். "இந்த போர்டுக்கு ஒரு குணம் உண்டு" என்றுதான் நாங்கள் பேசுவோம். அந்தக் குணங்களின் பட்டியல் அது. மேனேஜர் படித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். இன்று சொல்கிறேன், அது பாராட்டுக்குரிய காகிதமே அல்ல.

அதில் ஒரு வரி: "லைட்டிங் போர்டில் 4-ஐ ஆஃப் செய்தால் போதாது, 7-ஐயும் ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலைத் தொடு."

காரணம் இதுதான். பல வருஷம் முன்பு குடோனை நீட்டியபோது, வயரிங் செய்தவர் புது லைட்டுகளுக்கு 7-லிருந்து பேஸ் மட்டும் இழுத்தார். நியூட்ரலுக்கு போர்டு வரை போகாமல், பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் 4-ன் நியூட்ரலோடு முறுக்கிவிட்டார். லைட் எரிந்தது, யாரும் கேட்கவில்லை.

4-ஐ ஆஃப் செய்தால் அதன் பேஸில் டெஸ்டர் எரியாது. நியூட்ரலில் வைத்தாலும் எரியாது. ஆனால் அந்த முறுக்கைப் பிரித்த நொடியில், 7-ன் கரண்ட் குடோன் டியூப்லைட்டுகள் வழியாக வந்து, பிரித்த முனையில் நிற்கும். என் ஹெல்ப்பர் பையன் ஒரு நாள் ஏணியில் நின்று அதைத்தான் பிரித்தான். கை உதறிக் கீழே விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. விஷயம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தக் குற்றம் என்னுடையது.

"உற்பத்தியை நிறுத்த முடியாதே" என்பார்கள். இதற்கு எந்த மெஷினையும் நிறுத்த வேண்டாம். 4-ஐ ஆஃப் செய்தபின் நியூட்ரலில் டாங் டெஸ்டரை மாட்டினால், கரண்ட் ஓடுவது தெரிந்துவிடும். பிறகு 7-க்கு போர்டு வரை தனி நியூட்ரல் இழுத்து நம்பர் போட வேண்டும். ஒரு சுருள் ஒயர், ஒரு வார விடுமுறை நாள், அவ்வளவுதான்.

புதிதாக வந்த தம்பி குறிப்பைப் படித்துவிட்டு, "தெரிஞ்சே ஏண்ணே விட்டீங்க?" என்று கேட்டான். பதில் இல்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதே உண்மை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அந்த நியூட்ரலை இழுத்து முடித்தோம். மீதி பத்தையும் வேறு விதமாக எழுதினேன்: குறை என்ன, எப்படிச் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். கீழே மேனேஜரிடம் கையெழுத்து கேட்டேன். இந்த முறை அவர் முதுகில் தட்டவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பணியிலிருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி எதையும் விட்டுப்போகாதீர்கள். நினைவு நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும், ஒயர் அங்கேயே இருக்கும்.