நிபந்தனைக்கு வெளியே நிற்கும் தாய்மார்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கூடை தூக்கவும் ஐஸ் உடைக்கவும் இறால் உரிக்கவும் வரும் பெண்களுக்கு அன்றாடக் கூலிதான். கர்ப்பிணி ஒருத்தி பரிசோதனைக்குப் போகும் நாள், கூலி இல்லாத நாள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது.

1987இல் 300 ரூபாயில் தொடங்கிய இந்த உதவி, 2018இல் 18,000 ரூபாய் ஆனது. அதில் 14,000 ரொக்கம். மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கம் ஒரே தடவையில் வராது. 12 வாரத்துக்குள் பதிவு, தொடர் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் ஒரு தவணை. ஐந்தாக இருந்த தவணைகள் 2024இல் மூன்றாகின: கர்ப்பத்தின் 4ஆம் மாதம் 6,000, குழந்தையின் 4ஆம் மாதம் 6,000, 9ஆம் மாதம் 2,000.

ஏழைத் தாயை மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்க்க இது நல்ல தூண்டுதல்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை என்பது கதவு போன்றது. சிலரை உள்ளே அழைக்கும்போதே சிலரை வெளியே நிறுத்துகிறது.

ஒரே தெருவில் இரண்டு பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு 22 வயது, முதல் பிரசவம். பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிட்டாள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. பிறகு வழக்கப்படி பொன்னேரிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போகிறாள். தடுப்பூசியை அந்த ஊர் துணை சுகாதார நிலையத்தில் போடுகிறாள். அட்டையில் தேதி இருக்கிறது. ஆனால் கணினியில் அவளுடைய எண்ணுக்கு நேராக அது ஏறவில்லை என்றால் தவணை நின்றுவிடும். அவள் தன் கடமையைச் செய்துவிட்டாள்; தவறியது பதிவேடு. தண்டனை மட்டும் அவளுக்கு. இப்படிப் பணம் நின்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அட்டையில் உள்ள தேதி கணினியிலும் இருக்கிறதா என்பதைத்தான்.

இன்னொருத்திக்கு 17 வயது. திட்டத்தில் சேர 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அவளுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. குழந்தைத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது அரசின் நியாயம். ஆனால் அந்தத் திருமணத்தை முடிவு செய்தவர்கள் 14,000 ரூபாயைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யவில்லை. முடிவு செய்தவள் அவளும் இல்லை. 18 வயதுக்குக் கீழே கர்ப்பம் என்று தெரிந்தால் மருத்துவமனை போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது போக்சோ சட்டம். ஆக, மருத்துவமனைக்கு வர அவளுக்குப் பணம் இல்லை, வராமலிருக்கப் பயம் இருக்கிறது. இரத்தசோகைக்கும் பிரசவ ஆபத்துக்கும் அதிகம் இலக்காகிறவளையே நம் தூண்டுதல் மறைந்து வாழத் தூண்டுகிறது.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் சோம்பா பகுதியில் 2008, 2009 ஆண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பெண்களுக்குப் பள்ளிக்கு வந்தால் மட்டும் பணம். இன்னொரு பகுதியினருக்கு நிபந்தனையே இல்லாமல் பணம். பள்ளியில் பிள்ளைகளை நிறுத்திவைப்பதில் நிபந்தனைப் பணமே முந்தியது. ஆனால் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் நன்றாகக் குறைந்தது நிபந்தனையில்லாப் பணம் பெற்றவர்களிடம்தான். காரணம் எளிது. படிப்பை விட்ட பெண்ணுக்கும் அந்தப் பணம் தொடர்ந்து வந்தது. வறுமைக்காக அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய அவசரம் வீட்டாருக்குக் குறைந்தது.

நம் கல்வி உதவிகளுக்கும் இது பொருந்தும். 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பன்னிரண்டைத் தாண்டியவளுக்கு அது பெரிய கை. ஒன்பதாம் வகுப்பில் இறால் உரிக்கப் போய்விட்ட சேரிப் பெண்ணிடம் அது வந்து சேர்வதே இல்லை. அவள் நின்றுபோன வருடத்தில்தான் அந்த ஆயிரம் தேவைப்பட்டது.

நிபந்தனைகளை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். பதிவேட்டின் தவறுக்குத் தாயின் தவணை நிற்கக் கூடாது. தடுப்பூசி அட்டையையே சான்றாக ஏற்க வேண்டும். பணம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 19 வயது நிறையாத தாய்க்கும், மூன்றாவது பிரசவத்துக்கு வரும் தாய்க்கும் உதவி போக வேண்டும்; மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்குத் தட்டம்மை குறைவாக வருவதில்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இடைநின்ற பெண்ணைத் தேடிப்போய்ச் சேரும் தொகை ஒன்றும் வேண்டும்.

இந்தத் திட்டங்களை எத்தனை பேர் நிபந்தனையை நிறைவேற்றினார்கள் என்று மட்டுமே அளக்கிறோம். நிறைவேற்ற முடியாமல் போனவர்கள் யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் எண்ணிச் சொல்லட்டும் அரசு. அந்தப் பட்டியலில் சேரிகளும் குப்பங்களும் எத்தனை என்பது அப்போது தெரியும்.