பூஜ்ஜியம் சதவீதம் என்று சொல்லி என் மாணவனை ஏமாற்றப் பார்த்த கணக்கு



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பையன். இப்போது கோவையில் வேலை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக கிரெடிட் கார்டைத் தேய்த்ததில் பாக்கி ஒரு லட்சம் நிற்கிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி. "சார், இன்னொரு பேங்க்ல கூப்பிட்டாங்க. இந்தப் பாக்கியை அங்க மாத்திக்கிட்டா ரெண்டு மாசத்துக்கு வட்டியே கிடையாதாம், ஜீரோ பர்சன்ட். மாத்திடலாம்னு இருக்கேன்" என்றான்.

"கட்டணம் எவ்வளவுடா?" என்றேன்.

"ரெண்டு பர்சன்ட் சார். அது ஒண்ணும் பெரிசில்லை."

"ரெண்டு மாசம் கழிச்சு வட்டி எவ்வளவு?"

பதில் இல்லை. கேட்கவே இல்லையாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் அவன் மேல் பாதி, என் மேல் மீதி. முப்பது வருடம் தனிவட்டி, கூட்டு வட்டி நடத்தினேன். அசல், வட்டி வீதம், காலம் மூன்றையும் கொடுத்து விடையைக் கேட்பதுதான் நம் பாடம். நடுவில் வீதம் மாறுகிற கணக்கையோ, வட்டிக்கு முன்னால் கட்டணம் பிடிக்கிற கணக்கையோ நான் ஒரு நாளும் பலகையில் எழுதியதில்லை. உலகம் பிள்ளைகளுக்கு வைத்ததோ அந்தக் கணக்கைத்தான். ஆகவே தாமதமாக இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இரண்டு சதவீதக் கட்டணத்துக்கு 'கட்டணம்' என்று பெயர் வைத்ததால் அது வட்டி இல்லாமல் போய்விடாது. ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 360. ஆக 2,360 ரூபாய் முதல் பில்லிலேயே ஏறிவிடும். இரண்டு மாதத்துக்கு 2,360 என்றால் மாதம் 1,180. நாம் பேசுகிற பாஷையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பதினெட்டு பைசா வட்டி. வட்டிக்கடைக்காரர் இதைத்தான் முன்வட்டி என்று நேராகச் சொல்வார். வங்கிக்காரர் பூஜ்ஜியம் என்கிறார். இரண்டு பேரில் யார் யோக்கியர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, சலுகை முடிந்த பிறகு வரும் வீதம். அந்த வங்கியிலும் மாதம் மூன்றரை சதவீதம்தான். கார்டு வட்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. மூன்றரை என்பது உண்மையில் 4.13 ஆகிவிடும். பையனால் மாதம் 18,000 ரூபாய்தான் கட்ட முடியும். இரண்டு மாதத்தில் ஒரு லட்சம் தீராது. இந்த ஒரு விஷயத்தில்தான் முழுக் கணக்கும் புரள்கிறது.

அந்தப் பெண் போனில் இன்னொரு திட்டமும் சொல்லியிருக்கிறாள்: ஆறு மாதம், மாதம் ஒன்றரை சதவீத வட்டி, கட்டணம் கிடையாது. "அதுல வட்டி இருக்கு சார், அதான் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றான். இருவரும் உட்கார்ந்து பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் மாதம் மாதமாகப் போட்டோம்.

பூஜ்ஜியம் திட்டம்: கட்டணத்தோடு தொடங்கும் பாக்கி 1,02,360. இரண்டு மாதம் 18,000 கட்டியதும் 66,360 நிற்கும். மூன்றாம் மாதத்திலிருந்து 4.13 வீதம் ஏறுகிறது. அந்த மாத வட்டி மட்டும் சுமார் 2,740. இப்படியே போய் ஏழாவது மாதம் ஒரு சிறு தொகையோடு கடன் தீரும். அசலுக்கு மேல் அவன் கட்டியிருப்பது சுமார் 9,500 ரூபாய்.

ஒன்றரை சதவீதத் திட்டம்: ஜி.எஸ்.டி. சேர்த்து 1.77. முதல் மாத வட்டி 1,770. அதே 18,000 கட்டினால் ஆறாவது மாதம் சுமார் 16,200 கட்டியதோடு முடிந்துவிடும். அசலுக்கு மேல் மொத்தம் சுமார் 6,200 ரூபாய்.

எங்கும் மாற்றாமல் பழைய கார்டிலேயே கட்டினால் சுமார் 16,000 போகும். ஆகவே மாற்றுவது தப்பென்று நான் சொல்லவில்லை. மாற்றலாம். ஆனால் 'வட்டி உண்டு' என்ற திட்டத்தைவிட 'வட்டியே இல்லை' என்ற திட்டத்தில் 3,300 ரூபாய் கூடுதலாகப் போகிறது. பையன் நோட்டை இரண்டு தடவை சரிபார்த்தான். கூட்டலில் எனக்குத் தப்பு வந்திருக்கும் என்று நினைத்தான் போல!

"அப்போ ரெண்டு மாசத்துலயே கட்டி முடிக்கிறவனுக்குப் பூஜ்ஜியம் லாபம்தானே?" என்று என் மைத்துனர் கேட்டார். கேள்வி நியாயமானது, அதையும் போட்டுப் பார்த்தேன். முதல் மாதம் 50,000, அடுத்த மாதம் மீதி என்று கட்டினால் பூஜ்ஜியத்துக்கு 2,360, ஒன்றரைக்குச் சுமார் 2,690. லாபம் முந்நூற்றுச் சொச்சம். ஊதியத்தில் ஒரு மாதம் தடங்கல் வந்தால் அது காணாமல் போய்விடும். அவ்வளவு பணம் கையில் வரப்போகிறவர் தாராளமாகப் பூஜ்ஜியத்தை எடுக்கட்டும்.

போனில் பேசிய பெண்ணைத் திட்டாதீர்கள். அவளுக்குக் கொடுத்த தாளில் எழுதியதைப் படிக்கிறாள். என் சண்டை அந்தத் தாளை எழுதியவரோடு. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகளில், சாமான் வாங்குவதற்கு எவ்வளவு, பணம் எடுப்பதற்கு எவ்வளவு, பாக்கி மாற்றுவதற்கு எவ்வளவு, வீதங்கள் வேறானால் ஒவ்வொன்றுக்கும் வருட வட்டி வீதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே கூசாமல் கேளுங்கள்: "பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு வருஷ வட்டி எவ்வளவு? சலுகை முடிஞ்ச மறுநாள்ல இருந்து எவ்வளவு? சலுகை எந்தத் தேதியில முடியுது?" பதிலை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் சொன்னதைப் பிறகு நிரூபிக்க முடியாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது நாள் என்பது இரண்டு பில் என்று அர்த்தமல்ல. பாக்கி மாறிய நாளிலிருந்து எண்ணினால், இரண்டாவது பில்லுக்கான கடைசித் தேதிக்கு முன்பே அறுபது நாள் முடிந்துவிடலாம். பில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் சில நாள் வட்டி விழும்.

இன்னொன்று, புதுக் கார்டில் அந்தச் சமயத்தில் மளிகை, பெட்ரோல் எதுவும் வாங்காதீர்கள். பாக்கி நிற்கிற கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி ஓடும். பூஜ்ஜியம் என்பது மாற்றிய பாக்கிக்கு மட்டும்.

எங்கள் அத்தை பையன் "நகைக்கடன் வாங்கி அடைச்சிடலாமே, வட்டி கம்மி" என்று எழுதுவான், எனக்குத் தெரியும். நகை இருப்பவர் செய்யட்டும். இந்தப் பையன் வீட்டு நகை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்காக அடகில் இருக்கிறது.

அவன் ஒன்றரை சதவீதத் திட்டத்தையே எடுத்தான். நேற்று போன் செய்தான். பழைய கார்டில் பாக்கி பூஜ்ஜியம் என்று நினைத்திருந்தானாம், 1,350 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. கடைசி பில்லுக்கும் பணம் மாறிய நாளுக்கும் நடுவே இருந்த பத்து நாள் வட்டி, வரியோடு. "இதைக் கட்டணுமா சார்?" என்றான். "இன்னைக்கே கட்டுடா, விட்டா தாமதக் கட்டணம் போடுவான்" என்றேன். கட்டிவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.