ரூம்மேட் பாதியில் காலி செய்தால் அவரது வாடகையை யார் கட்டுவது? சட்டம் சொல்வது இதுதான்!

சென்னை துரைப்பாக்கத்தில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 36,000 ரூபாய், ஆளுக்கு 12,000. அட்வான்ஸ் 1,08,000, அதில் ஆளுக்கு 36,000. 11 மாத அக்ரிமென்டில் மூவரும் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். இடையில் காலி செய்ய முடியாது என்றும் அதில் இருக்கிறது.

ஐந்தாவது மாத முடிவில் ஒருவருக்கு பெங்களூருவில் வேலை கிடைத்து கிளம்பிவிடுகிறார். மாதம் பிறந்ததும் மற்ற இருவரும் 24,000 கொடுக்க, "மீதி 12,000 எங்கே?" என்கிறார் ஓனர். "எங்க பங்கை கொடுத்துட்டோமே" என்ற பதில் இங்கே செல்லாது.

காரணம், 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், அக்ரிமென்டில் வேறு மாதிரி சொல்லாதவரை, அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது அதன் 43-வது பிரிவு. ஆளுக்கு 12,000 என்பது நண்பர்களுக்குள் போட்ட கணக்கு, ஓனரை அது கட்டுப்படுத்தாது.

ஓனரே "போகலாம்" என்று சொல்லிவிட்டால்?

பலரும் ஏமாறுவது இங்கேதான். ஓனர் ஒருவரை விடுவித்தாலும் மற்றவர்களின் பொறுப்பு தீராது என்கிறது 44-வது பிரிவு. கிளம்பியவரும் தப்ப முடியாது. அவர் நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு அப்படியே நிற்கும்.

மீதமுள்ள 6 மாதத்துக்கு அவர் பங்கு 72,000. அவரது அட்வான்ஸ் 36,000-ஐ கழித்தால், இருவரும் ஆளுக்கு 18,000 அவரிடம் கேட்கலாம். அதனால்தான் "என் அட்வான்ஸை ஜிபே பண்ணிடுங்க" என்றதும் கைக்காசை அனுப்பிவிடக் கூடாது. கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். வீடு முழுவதும் காலியாகும் வரை ஓனரும் பொதுவாக அட்வான்ஸைத் தர மாட்டார்.

இதுவே அக்ரிமென்டில் 2 மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்று இருந்தால் கணக்கு மாறும். காலி செய்ய வழி இருந்தும் இருவரும் தங்கள் விருப்பத்தில் தங்கினால், முழு 6 மாதப் பங்கையும் கேட்பது கஷ்டம்.

புது ஆள் வந்தால்?

வழக்கமாக நடப்பது இதுதான்: புதியவர் 36,000-ஐ பழையவருக்கு நேரடியாக அனுப்பிவிட்டு பெட்டியோடு வந்துவிடுவார். அக்ரிமென்டில் பழையவர் பெயர்தான் இருக்கும். கடைசியில் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது புதியவரிடம் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. அவர் வாடகை கொடுக்காமல் போனாலும் ஓனர் பழைய மூவரைத்தான் கேட்பார்.

எனவே பழையவர் விலகும் தேதி, அவரது அட்வான்ஸ் பங்கு புதியவருக்கு மாறுவது, அந்தத் தேதி வரையிலான கரண்ட் பில் பாக்கி ஆகியவற்றை எழுதி, ஓனரும் நால்வரும் கையெழுத்திட வேண்டும். புது அக்ரிமென்டே போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அக்ரிமென்ட் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் கதை வேறு. அப்போது யார் கிளம்பினாலும் ஓனர் முழு வாடகையையும் கேட்பது கையெழுத்து போட்ட அந்த ஒருவரிடம்தான்.