நிறம் மட்டும் போதாது

முறைசார் மீளாய்வில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் கொண்ட படம் இருந்தால், 'பெரும்பாலான ஆய்வுகளில் சார்பு அபாயம் குறைவு' என்ற ஒற்றை வரியே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வரியை யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததைத் தீர்ப்பு என்று எப்படி ஏற்பது?

ஒரு கற்பனை ஆய்வைப் பாருங்கள். மூட்டுவலிக்கு உடற்பயிற்சி, அணிக்கு 60 பேர். 'விடுபட்ட தரவு: அபாயம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்: "பயிற்சி அணியில் 14 பேரின் வலி அளவு கிடைக்கவில்லை, ஒப்பீட்டு அணியில் 2 பேருடையது. விலகியோரில் பலர் வலி கூடியதைக் காரணம் சொன்னதாக ஆய்வறிக்கை கூறுகிறது. ஆகவே பயிற்சியின் பலன் மிகையாகத் தெரிந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம்." அறிக்கை சொன்னது, நாம் ஊகித்தது, சார்பின் திசை மூன்றும் இதில் தனித்தனியே தெரிகின்றன. மறுப்பவர் எந்த இடத்தில் மறுக்கிறார் என்று காட்ட முடியும்.

அதே ஆய்வில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைத் தகவல் மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து 120 பேருக்கும் கிடைத்திருந்தால், அந்த விளைவுக்கு விடுபட்ட தரவால் வரும் அபாயம் குறைவு. 2019-இல் வெளிவந்த ஆர்ஓபி 2 கருவி ஆய்வு முழுமைக்கும் ஒரே முத்திரை குத்தாமல், குறிப்பிட்ட முடிவை மதிப்பிடச் சொல்வது இதனால்தான்.