மைக் இல்லாத காலைக் கூட்டம்

காலைக் கூட்டத்தில் கரண்ட் போனால் நாம் உடனே கத்தத் தொடங்குகிறோம். மைதானத்தின் பின்வரிசைக்குச் சத்தம் போகிறது, சொல் போவதில்லை.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. நமது மூச்சு முடிவதும் அங்கேதான். "நாளை மழை பெய்தால் பாடசாலைக்கு வர வேண்டாம்" என்பதில் கடைசி அசை கரைந்தால், பின்னால் நிற்கும் பிள்ளை "வர வேண்டும்" என்றே விளங்கிக்கொள்ளும். மறுநாள் நனைந்துகொண்டு வந்து நிற்கும் பிள்ளையை ஏசி என்ன பயன்?

காற்று முதுகில் படும்படி நிற்போம். "நாளை மழை பெய்தால்" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு எடுப்போம். பிறகு "பாடசாலைக்கு வர வேண்டாம்." கடைசிச் சொல்லுக்கும் முதற்சொல்லின் அதே பலம் வேண்டும். முடிவில் பின்வரிசைப் பிள்ளையொன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அது சரியாகச் சொன்னால்தான் நமது அறிவித்தல் முடிந்தது.