ரவுட்டரில் நாட்டை மாற்றினால் சிக்னல் கூடுமாம்!



"சிக்னல் கூடோணுமா? ரவுட்டர்ல கன்ட்ரிய அமெரிக்கா எண்டு மாத்துங்க." கல்முனைக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இப்போது இதுதான் இலவச ஆலோசனை. கடையில் சொல்கிறார்கள், யூடியூப்பில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டும் அனுப்புகிறார்கள். நாமும் யோசிக்காமல் மாற்றிவிட்டு, "இப்ப நல்லா இழுக்குது" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இந்தக் கதையை இன்று நேராகப் பேசுவோம்.

முதலில் ரவுட்டர் ஏன் நாட்டைக் கேட்கிறது? நமது போனுக்குள் சிம் இருக்கிறது. டவரோடு பேசும்போதே தான் இலங்கையில் இருப்பதை அது தெரிந்துகொள்ளும். இலங்கைக்கான எண் 413. வீட்டு ரவுட்டருக்கு அப்படி ஒரு வழி பெரும்பாலும் இல்லை. டோஹாவில் வாங்கி சூட்கேசில் வைத்து சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்தாலும் அது தன்னை டோஹாவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். எந்த சனலில் பேசலாம், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. நம் நாட்டில் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. ரவுட்டரில் `Region` அல்லது `Country` என்று இருக்கும் அந்த ஒரு வரியில்தான் எந்த நாட்டு விதியைப் பின்பற்றுவது என்று நாம் அதற்குச் சொல்கிறோம். அதில் பொய் சொன்னால் ரவுட்டர் பொய்யின்படியே நடக்கும்.

இப்போது "அமெரிக்கா வைத்தால் பவர் கூடும்" என்ற வாதத்துக்கு வருவோம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் அமெரிக்கா 1 வாட் வரை அனுமதிக்கிறது. லினக்ஸ் கருவிகள் பின்பற்றும் நாட்டுப் பட்டியலில் இலங்கைக்கு இருப்பது 20 dBm, அதாவது 100 மில்லிவாட். கேட்டவுடன் பத்து மடங்கு லாபம் போலத் தெரியும். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் மலிவு ரவுட்டர்களில் பலவற்றின் வன்பொருளே 100 மில்லிவாட்டைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. அதில் எந்த நாட்டை வைத்தாலும் ஒன்றுதான்.

சரி, கூட்டக்கூடிய ரவுட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு சக்திக்கு, மறைப்பே இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரம் மூன்று மடங்குதான் கூடும். நமது கல்வீட்டுச் சுவர்களுக்கிடையில் அதுவும் வராது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. வைஃபை வானொலிப் பெட்டி அல்ல, இரண்டு பக்கமும் பேச வேண்டும். ரவுட்டர் கத்தினால் பின் அறையில் இருக்கும் போனுக்குக் கேட்கும். ஆனால் போனால் திருப்பிக் கத்த முடியாது. அதன் சக்தி பல வேளைகளில் ரவுட்டரைவிடக் குறைவு, அதை ரவுட்டரின் செட்டிங் எதுவும் கூட்டாது. அதனால்தான் கோடு முழுவதும் இருக்கும், ஆனால் கட்டாரில் இருக்கும் மகனுக்கு வாப்பாவின் குரல் விட்டு விட்டுக் கேட்கும். வீடியோ வரும், நாம் அனுப்பும் படம் போகாது. சிக்னல் நிறைய இருந்தும் அனுப்புவது மட்டும் சிரமப்பட்டால், கோளாறு இங்கேதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. சாய்ந்தமருதில் மதிலோடு மதில் ஒட்டி வீடு. நம் ரவுட்டர் கூடுதலாகக் கத்தினால், அதே சனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டர் நாம் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும். வைஃபையின் வேலை முறையே அதுதான். நாம் ஒரு வீட்டுக்குப் பவர் கூட்டவில்லை, ஐந்து வீட்டுக்கு வேகம் குறைக்கிறோம். நாளைக்கு அவர்களும் அதே கடைக்குப் போய் அதையே செய்வார்கள். பிறகு முழு ஒழுங்கைக்கும் மந்தம்தான்.

சனல் விஷயத்திலும் நட்டம் நமக்கே. அதே பட்டியலின்படி இலங்கையில் 1 முதல் 13 வரை பாவிக்கலாம். அமெரிக்க விதியில் 1 முதல் 11 வரைதான். நாட்டை மாற்றியதும் 12ம் 13ம் காணாமல் போகும். மறுபக்கமும் நடக்கும்: ரவுட்டர் 13இல் ஓடினால், அமெரிக்காவிலிருந்து வந்த லப்டொப்புக்கு அந்த வைஃபை பெயரே தெரியாது. எல்லா போனுக்கும் தெரிந்து ஒன்றுக்கு மட்டும் தெரியாவிட்டால், போனைத் தூக்கிக்கொண்டு திருத்தக் கடைக்கு ஓட வேண்டாம், சனலைப் பாருங்கள்.

"சின்னப் பெட்டிதானே, யார் கேக்கப் போறாங்க?" என்பவர்களுக்கு இரண்டு சம்பவம். 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ராடாரில் இடையூறு தெரிந்தது. தேடிப் பார்த்தால், இணையச் சேவைக்காரர்கள் வெளியில் பூட்டியிருந்த 5 கிகாஹேர்ட்ஸ் கருவிகள். ராடார் இருக்கிறதா என்று கேட்டு விலகும் வசதி அவற்றில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அந்த வசதி எந்த சனலில் கட்டாயம் என்பதையும் நாட்டுத் தெரிவுதான் தீர்மானிக்கிறது. 2016 ஆகஸ்டில், பாவனையாளர் நாட்டை மாற்றி அனுமதித்ததைவிடக் கூடுதல் சக்தியில் இயக்க இடம் வைத்ததற்காக டிபி-லிங்க் நிறுவனம் அமெரிக்க ஆணைக்குழுவுக்கு 2 இலட்சம் டொலர் கட்ட இணங்கியது. நாம் முன்மாதிரியாகத் தெரிவு செய்யும் அமெரிக்காவிலேயே இதுதான் நிலை. கடலை நம்பி, வானிலை அறிவித்தலை நம்பி வாழும் கரையோரம் நமது. வானிலை ராடாரோடு விளையாடுவது மற்றவர்களைவிட நமக்கே ஆகாத வேலை.

இனி செய்ய வேண்டியது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`, பிரவுசரில் திறந்து `Wireless` பகுதிக்குப் போங்கள். `Region` அல்லது `Country` என்ற இடத்தில் Sri Lanka தெரிவு செய்து சேமித்து, ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். 2.4இல் சனல் 1, 6, 11இல் பக்கத்தில் குறைவாக ஓடுவதை எடுத்து, அகலத்தை 20 MHz ஆக வையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் கழித்து வந்தால் பயப்பட வேண்டாம், ராடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறது. ஓபன்டபிள்யூஆர்டி போட்டிருக்கும் தம்பிமாருக்கு (ஒவ்வொரு ரேடியோவுக்கும் செய்யுங்கள்):

```
uci set wireless.radio0.country='LK'
uci set wireless.radio1.country='LK'
uci commit wireless
wifi reload
```

பிறகு `iw reg get` என்று கேட்டால் LK என்று காட்ட வேண்டும்.

பட்டியலில் இலங்கை இல்லாவிட்டால், அல்லது அமெரிக்காவில் விற்ற ரவுட்டர்போல நாடு பூட்டப்பட்டிருந்தால்? பெரிய நாடாகத் தேட வேண்டாம். 1, 6, 11க்குள் நின்று `Transmit Power` அளவை நடுத்தரத்துக்கோ கீழேயோ இறக்குங்கள். பின் அறைக்கு எட்டாவிட்டால் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். அதுவும் போதாவிட்டால் கம்பி இழுத்து இரண்டாவது ஒன்றைப் பூட்டுங்கள். போனுக்குப் பக்கத்தில் ரவுட்டர் வந்தால்தான் போனின் குரலும் கேட்கும்.

கடைக்காரத் தம்பிமாரிடம் ஒரே கேள்வி: விற்கும்போது இலங்கை என்று வைத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் போகும்? நாங்களும் இனி ரவுட்டர் வாங்கினால், கடையை விட்டு இறங்கும் முன் அந்த ஒரு வரியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்போம்.