சொந்த வீட்டில் இருந்தாலும் வாடகை வருமானமா? - சுவிட்சர்லாந்து கைவிடும் வரியின் கதை

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. கடனை வாங்கி, நகையை அடகு வைத்து எப்படியோ ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோன பிறகு, "இனி மாசம் பொறந்தா வாடகை கொடுக்க வேண்டாம்" என்று பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. அந்த மிச்சமான வாடகையையே உங்கள் வருமானமாகக் கருதி, அதற்கு வரி கட்டுங்கள் என்று வருமான வரித்துறை கடிதம் அனுப்பினால் எப்படி இருக்கும்?

சுவிட்சர்லாந்தில் சொந்த வீட்டுக்காரர்கள் பல தலைமுறைகளாக இந்த வரியைக் கட்டிவருகிறார்கள். 2025 செப்டம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில், சுமார் 58 சதவிகிதம் பேர் அதை முடிவுக்குக் கொண்டுவர ஆதரவு தெரிவித்தார்கள். வரவே வராத வாடகைக்கு வரி கேட்பதில் என்ன நியாயம்? நியாயம் இருந்தால், பெரும்பாலான நாடுகள் ஏன் அதைத் தொடவே தயங்குகின்றன?

பக்கத்து வீட்டுக் கணக்கு

கமலா, மல்லிகா என்று இரண்டு பேர் அடுத்தடுத்த வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவு வீடு. வெளியே விட்டால் மாதம் 20,000 ரூபாய் வாடகை வரும். அவரவர் வீட்டில் அவரவர் குடியிருக்கும்வரை வாடகைப் பேச்சே இல்லை, வரியும் இல்லை.

இப்போது இருவரும் வீட்டை மாற்றிக்கொள்கிறார்கள். கமலா வீட்டில் மல்லிகா, மல்லிகா வீட்டில் கமலா. மாதா மாதம் இவர் அவருக்கு 20,000 கொடுக்கிறார், அவர் இவருக்கு 20,000 கொடுக்கிறார். கையில் இருக்கும் காசு ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஆனால், வரிக் கணக்கு மாறிவிட்டது. இருவருக்கும் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வாடகை வருமானம். நம் சட்டப்படி அதில் 30 சதவிகிதம் கழிவு போக மீதி 1,68,000 ரூபாய். 20 சதவிகித வரி அடுக்கில் இருப்பவர் என்றால், செஸ் நீங்கலாக ஆளுக்கு 33,600 ரூபாய் வரி.

அப்படியென்றால், சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது வரி இல்லாத ஒரு வருமானம் என்கிறார்கள் பொருளாதார அறிஞர்கள். தன்னிடமே வீட்டை வாடகைக்கு விட்டு, தானே வாங்கிக்கொள்ளும் வாடகை அது. அதே பணத்தை வங்கியில் போட்டு, வட்டியை வாங்கி, அதிலிருந்து வாடகை கொடுப்பவர் வட்டிக்கு வரி கட்டுகிறாரே, இவருக்கு மட்டும் ஏன் சலுகை என்பது அவர்கள் கேள்வி. நம் ஊர் ஆடிட்டர்கள் இதை 'நோஷனல் ரென்ட்' என்பார்கள். கையில் வராமல் கணக்கில் மட்டும் இருப்பதால், இதைக் 'கற்பனை வாடகை' என்றே அழைக்கலாம்.

சுவிட்சர்லாந்தில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேரூன்றி, பிறகு நிரந்தரமாகிவிட்ட வரி இது. அந்த வீட்டை வெளியாருக்கு விட்டால் என்ன வாடகை வருமோ, அதைவிடக் குறைவான ஒரு தொகையைக் கற்பனை வாடகையாக அதிகாரிகள் குறிப்பார்கள். சந்தை வாடகையில் 60 சதவிகிதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது நீதிமன்றம் போட்ட எல்லைக்கோடு. அந்தத் தொகை, சம்பளத்தோடும் பென்ஷனோடும் வருமானமாகச் சேர்க்கப்படும். அதற்குப் பதிலாக, வீட்டுக்கடன் வட்டியையும் பராமரிப்புச் செலவையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வாடகையை வருமானம் என்றால், அதை ஈட்ட ஆகும் செலவையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஓர் உதாரணம். ஆண்டுக்கு 30,000 பிராங்க் வாடகை பெறக்கூடிய வீடு. 65 சதவிகிதம் என்று வைத்தால் கற்பனை வாடகை 19,500 பிராங்க். அதில் குடியிருக்கும் இளம் தம்பதிக்கு 7,00,000 பிராங்க் கடன். 2 சதவிகிதம் என்றால் வட்டி 14,000. பராமரிப்பு 5,000. இரண்டையும் கழித்தால், வருமானத்தில் கூடுவது வெறும் 500 பிராங்க்.

அதே மாதிரி வீட்டில், கணவரை இழந்த 75 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். கடனை எப்போதோ அடைத்துவிட்டார். கழிக்க வட்டி இல்லை. பராமரிப்பு 4,500 போக, 15,000 பிராங்க் அவருடைய வருமானத்தில் ஏறும். அவருக்கு வரும் பென்ஷனே ஆண்டுக்கு 30,000 பிராங்க்தான் என்றால், அரசின் கணக்கில் அவர் 45,000 சம்பாதிக்கிறார். வரியைக் கட்டச் சமையலறைச் சுவரையா பெயர்த்துக் கொடுக்க முடியும்? பென்ஷனிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இந்த வரி ஒழிய வேண்டும் என்றவர்களின் பிரசாரத்தில் முன்னால் நின்றது இந்தப் பாட்டியின் நிலைமைதான். கூடவே இன்னொரு விளைவும் இருந்தது. கடனை அடைத்தால் வரி கூடும் என்பதால், வசதி உள்ளவர்களும் கடனை முழுதாக அடைக்காமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். குடும்பங்களின் கடன் சுமை மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக சுவிட்சர்லாந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மற்ற நாடுகள் ஏன் விலகின?

முதல் காரணம், பாட்டியின் கதையிலேயே இருக்கிறது. வருமானம் கணக்கில் இருக்கிறது, கையில் காசு இல்லை.

இரண்டாவது, வாடகையை மதிப்பிடும் தலைவலி. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஒப்பந்தம் இருக்கும், பணம் வந்ததற்கு அத்தாட்சி இருக்கும். குடியிருக்கும் வீட்டுக்கு எதுவும் கிடையாது, அதிகாரிதான் ஊகிக்க வேண்டும். விலைவாசி ஏற ஏற அந்த மதிப்பையும் திருத்திக்கொண்டே வர வேண்டும். பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்த வரி இருந்தது. ஆனால், இரண்டாம் உலகப் போருக்கு முன்பு 1930-களில் போட்ட மதிப்பை வைத்தே 1960-கள் வரை வரி வாங்கினார்கள். உண்மையான வாடகைக்கும் ஏட்டில் இருந்த வாடகைக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. புது மதிப்புக்கு மாறினால் பல வீடுகளுக்கு வரி ஒரே தாவாகத் தாவும். எந்த அரசாவது அதற்குத் துணியுமா? 1963-ல் வரியையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா 1923-லேயே கைவிட்டிருந்தது. ஜெர்மனி 1980-களில் கைவிட்டது.

மூன்றாவது, ஓட்டு. பெரும்பாலான நாடுகளில் சொந்த வீட்டுக்காரர்கள்தான் பெரும்பான்மை. சுவிட்சர்லாந்தில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். மற்றவர்கள் வாடகை வீட்டுக்காரர்கள். இந்த வரி அங்கே இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 1999, 2004, 2012 என்று மூன்று முறை இந்த வரியை ஒழிக்கவோ தளர்த்தவோ வந்த யோசனைகளை மக்கள் நிராகரித்தார்கள்.

நான்காவது முறை எப்படி ஜெயித்தது?

இந்த முறை வரியோடு சலுகையும் சேர்த்து எடுக்கப்பட்டதுதான் முக்கியமான வித்தியாசம். கற்பனை வாடகைக்கு வரி கிடையாது. அதே நேரத்தில், குடியிருக்கும் வீட்டின் பராமரிப்புச் செலவை மத்திய அரசின் வரியில் இனி கழிக்க முடியாது. வட்டிக் கழிவும் பெரும்பாலும் போய்விடும். முதல்முறை வீடு வாங்குபவர்களுக்கு மட்டும் 10 ஆண்டுகளுக்குப் படிப்படியாகக் குறையும் ஒரு சிறு வட்டிச் சலுகை உண்டு. வருமானம் இல்லை என்றால் செலவும் இல்லை என்பதே இதன் தர்க்கம்.

இதனால் அரசுக்கு லாபமா, நஷ்டமா? அது வட்டி விகிதத்தைப் பொறுத்தது. வீட்டுக்கடன் வட்டி சராசரியாக 1.5 சதவிகிதமாக இருந்தால் ஆண்டுக்கு சுமார் 180 கோடி பிராங்க் வருவாய் குறையும் என்று அரசு மதிப்பிட்டது. வட்டி 3 சதவிகிதத்தை நெருங்கினால் இழப்பு மறைந்துவிடும். காரணத்தை அந்த இளம் தம்பதியிடமே பார்க்கலாம். வட்டி 4 சதவிகிதம் ஆனால், அவர்கள் கட்டும் வட்டி 28,000 பிராங்க். பழைய முறையில் அது கற்பனை வாடகையைத் தாண்டிப் போய், சம்பளத்துக்கான வரியையும் குறைக்கும். புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை.

எல்லோரும் மகிழவில்லை. பிரெஞ்சு பேசும் பகுதிகள் எதிர்த்து வாக்களித்தன. மலைப் பகுதிகளில் வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள் ஏராளம். அவற்றின் கற்பனை வாடகை மூலம் வந்த வருமானம் நின்றுபோகும் என்று அந்த மாநிலங்கள் கவலைப்பட்டன. அதற்கு ஈடாக, விடுமுறை வீடுகள் மீது தனிச் சொத்து வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. இன்னொரு கவலையும் உண்டு. பில் காட்டினால் வரி குறையும் என்றவரை, கூரை மாற்றியவர்கள் பில்லைக் கேட்டு வாங்கினார்கள். இனி கொத்தனாரிடம் பில் கேட்க என்ன அவசியம் இருக்கிறது?

நம் ஊரில் என்ன நிலை?

இந்தியாவிலும் 1980-களின் நடுப்பகுதி வரை, குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு சிறு தொகையை வருமானமாகக் கணக்கிட்டார்கள். பிறகுதான் அந்த மதிப்பு பூஜ்யம் ஆனது. 2019 பட்ஜெட்டுக்குப் பிறகு இரண்டு வீடுகள் வரை இந்தப் பூஜ்யக் கணக்கு உண்டு. சொந்த உபயோகத்துக்கென்று மூன்றாவதாக ஒரு வீடு வைத்திருந்தால், வாடகைக்கு விடாவிட்டாலும் அதற்குக் கற்பனை வாடகை போட்டு வரி கேட்கிறது சட்டம். சுவிட்சர்லாந்து எடுத்துவிடும் வரி, நம்மிடம் மூன்றாவது வீட்டின் வாசலில் காத்திருக்கிறது.

குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி விஷயத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர், வருமானம் பூஜ்யம் என்றாலும் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. சலுகை போய்விட்டதே என்று பலர் வருத்தப்படுவது இதைத்தான். சுவிட்சர்லாந்து வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பேரமும் ஏறக்குறைய இதேதான்.

இதில் பேச்சிலேயே வராதவர் ஒருவர் உண்டு. வீடு வாங்க முன்பணம் சேராமல், மாதா மாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர். கற்பனை வாடகைக்கு வரி இல்லை என்பதால் அவருக்கு எதுவும் மிச்சமாகவில்லை. வீட்டுக்கடன் வட்டிச் சலுகையும் அவருக்குக் கிடையாது. குடியிருக்கும் வீட்டுக்கு வரி வேண்டாம் என்று முடிவெடுத்த ஒவ்வொரு நாடும், அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியது இவருக்குத்தான்.